குழாய் வெள்ளைக் கறைக்கு எது? வினிகர், எலுமிச்சை, ஆசிட்

கடலூர், புதுச்சேரி பக்கம் போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய் வாயில் வெள்ளையாக ஏறுவதை ‘உப்பு’ என்கிறோம். பெரும்பாலும் அது சமையல் உப்பு அல்ல, கால்சியம் கார்பனேட். சந்தேகமிருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கார்பனேட். நுரைக்காமல் வெறும் தண்ணீரிலேயே கரைந்தால் உப்புதான், அதற்கு எதுவும் வாங்க வேண்டாம்.

கார்பனேட்டைக் கரைக்க அமிலம் வேண்டும். தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியைக் கூட்டுவது அமிலம், குறைப்பது காரம். பிஎச் அளவுகோல் அந்த அயனி எவ்வளவு என்று சொல்கிறது. 7 நடுநிலை. ஒரு எண் இறங்கினால் அயனி பத்து மடங்கு. எலுமிச்சை 2-ஐ ஒட்டி, வினிகர் 2.5, பால் 6.6, ஆப்பசோடாக் கரைசல் 8.3, சோப்புத் தண்ணீர் 9 முதல் 10, வாஷிங் சோடா 11 வாக்கில். இவற்றில் 7-க்கு மேலுள்ள எதுவும் இந்தக் கறையைத் தொடாது. ஆப்பசோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் நுரை மட்டும் அமர்க்களமாக வரும். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதால் கறைக்கு மிஞ்சுவது குறைவு.

பிஎச்சை மட்டும் பார்த்து அமிலத்தைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. அது அந்த நேரத்தில் வெளியே நிற்கும் அயனியைத்தான் எண்ணுகிறது, கையிருப்பை அல்ல. 1 கிராம் கறையைக் கரைக்க 4 சதவீத வினிகர் கணக்குப்படி 30 மி.லி. போதும். அதே 2.5 பிஎச் வரும்படி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீர்த்து வைத்தால் சுமார் 6 லிட்டர் தேவைப்படும். வினிகரின் அசிட்டிக் அமிலம் வலுவற்றது. பெரும்பங்கு பிரியாமல் காத்திருந்து, வெளியே நிற்பது செலவாகச் செலவாக விட்டுக்கொடுக்கும். கடைசியில் வேகம் குறையும் என்பதால் 50 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைச் சாறும் ஏறக்குறைய அதே அளவு கரைக்கும். ஆனால் அப்போது உண்டாகும் கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தேய்த்துக் கழுவாமல் விட்டால் மறுபடி வெள்ளைப் படலம் தெரியும்.

10 சதவீத டாய்லெட் ஆசிட் 7 மி.லி.யே போதும், நிமிடங்களில் வேலை முடியும். குழாய்க்கு அதை எடுக்கவே கூடாது. குரோம் பூச்சு அரித்துப்போகும். மார்பிளும் கால்சியம் கார்பனேட் என்பதால், சிந்திய இடம் மங்கிக் குழி விழும். மார்பிளில் வினிகரும் இதையே மெதுவாகச் செய்யும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

எங்கள் ஓட்டு வினிகருக்கு. நனைத்த துணியைக் குழாய் வாயில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை மாட்டி ரப்பர் போடுங்கள். அரை மணி கழித்துப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். நுரை நின்ற பிறகும் கறை இருந்தால் துணியைப் புது வினிகரில் நனையுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் குரோம் மங்கலாம்.