05/06: ஜூன் ஐந்தா, மே ஆறா? தேதி முறைகள் ஓர் ஒப்பீடு

நாளை முதலில் எழுதுவது நம் வழக்கம். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். இரண்டில் எது சரி என்று வாதாடிப் பயனில்லை. அந்தந்த ஊருக்குள் அந்தந்த முறை சிக்கலில்லாமல் ஓடுகிறது. ஒரு முறையில் எழுதியதை இன்னொரு முறையில் படிக்கும்போதுதான் வம்பு. அதனால் நான் ஒவ்வொரு முறையையும் ஒரே கேள்வியால்தான் எடை போடுகிறேன்: யாராவது தவறாகப் படித்துவிட்டால், அந்தத் தவறு கண்ணில் படுமா?

நாள் முதலா, மாதம் முதலா: இரண்டுக்கும் ஒரே நோய்

13/06/2003 என்று எழுதினால் பயமில்லை. பதின்மூன்றாவது மாதம் கிடையாது. மாதத்தை முதலில் படிப்பவரும் அங்கே நின்று யோசிப்பார், கணினியும் ஏற்க மறுக்கும். 05/06/2003 அப்படியல்ல. ஜூன் 5 என்றும் படிக்கலாம், மே 6 என்றும் படிக்கலாம். இரண்டுமே உண்மையான நாள்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்கள் இப்படி இரண்டு விதமாகப் படிக்கக்கூடியவை. 12 மாதத்துக்கு 144 நாள்கள். அதில் 01/01, 02/02 போன்ற 12 நாள்களை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மீதி 132 நாள்கள் சத்தமே இல்லாமல் வேறு தேதியாக மாறக்கூடியவை. வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்த வகையில் இரண்டு முறைகளும் சமம். ஒன்றைவிட மற்றது பாதுகாப்பு என்று சொல்ல இடமில்லை.

ஒரு கல்லூரி, வெளிநாட்டுப் பயணத்துக்காக 100 மாணவர்களின் பிறந்த தேதியை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் நம் வழக்கப்படி நாளை முதலில் தட்டச்சு செய்கிறார்கள். பட்டியல் CSV கோப்பாக இறங்குகிறது. அலுவலகக் கணினியில் விண்டோஸ் நிறுவும்போது யாரும் மாற்றாமல் விட்ட English (United States) அமைப்பு அப்படியே இருக்கிறது. இது நம் ஊரில் மிகச் சாதாரணம். அந்தக் கணினியில் கோப்பை எக்செல்லில் திறந்தால் 05/06/2003 என்பதை எக்செல் மே 6 என்று எடுத்துக்கொண்டு 5/6/2003 என்று காட்டும். 13/06/2003 தேதியாகவே தெரியாததால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். 100 பேரில் சுமார் 60 பேருடையது இப்படி எழுத்தாக நிற்கும், சுமார் 36 பேருக்குப் பிறந்த தேதியே மாறியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் உண்டு. எக்செல் தேதியாகப் புரிந்துகொண்டவை செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக விட்டவை இடப்பக்கம். பிறந்த தேதிக் கட்டம் முழுவதும் சிலது இடம், சிலது வலம் என்று கலந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம், முறை மாறியிருக்கிறது. வலப்பக்கம் இருப்பவற்றில் முன்னால் இருந்த பூஜ்யமும் போயிருக்கும்.

இங்கேதான் பலரும் நல்ல எண்ணத்தோடு நிலைமையை மோசமாக்கிவிடுகிறார்கள். இடப்பக்கம் நிற்பவை 'தப்பாக' இருப்பதாக எண்ணி அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்துவார்கள். உண்மையில் அவைதான் மாணவர் எழுதியது எழுதியபடி இருந்தவை. திருத்தி முடித்ததும் கட்டம் முழுக்க ஒழுங்காக வலப்பக்கம் வந்துவிடும், 36 தவறான தேதிகளைக் காட்டிக்கொடுத்த ஒரே தடயமும் அழிந்துவிடும். அந்த ஷீட்டைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அதை மூடிவிட்டு, மூல CSV கோப்பை Data பகுதியில் உள்ள From Text/CSV வழியாகக் கொண்டுவந்து, தேதிக் கட்டத்தை Text என்று தேர்ந்தெடுங்கள். அப்புறம் Text to Columns-இல் DMY கொடுத்தால் எல்லாமே ஒரே முறையில் மாறும்.

பயணச்சீட்டில் என்ன ஆகிறது

பிறந்த தேதியைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பாஸ்போர்ட் காலாவதித் தேதிதான். பிறந்த தேதி மாறியிருந்தால் பயணி பார்த்தவுடன் சொல்லிவிடுவார். காலாவதித் தேதி யாருக்கும் மனப்பாடம் இல்லை.

ஒரு இந்திய பாஸ்போர்ட்டில் வழங்கிய தேதி 07/03/2018, காலாவதி 06/03/2028 என்று இருக்கிறது. அதாவது மார்ச் 6. அதை ஏஜென்ட் மாதம் முதலில் கேட்கும் ஒரு பதிவுப் பக்கத்தில் அப்படியே அடித்தால் ஜூன் 3 ஆகிவிடும். பயணம் 2027 அக்டோபர் 20 அன்று, போகும் நாடு நுழைவு நாளிலிருந்து 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கேட்கிறது என்று வையுங்கள். 2028 ஏப்ரல் 20 வரை பாஸ்போர்ட் உயிரோடு இருக்க வேண்டும். ஜூன் 3 என்றால் தாராளம், பதிவு எந்தத் தடையும் சொல்லாது. மார்ச் 6 என்றால் போதாது. விமான நிலையக் கவுன்டரில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும்போதுதான் உண்மை வெளிவரும். அந்த நேரத்தில் புது பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவது?

இதை முன்கூட்டியே பிடிக்கலாம். பெரியவர்களுக்கான இந்திய பாஸ்போர்ட் 10 வருடத்துக்கு ஒரு நாள் குறைவாக முடியும்: மார்ச் 7-இல் தொடங்கி மார்ச் 6-இல். இரண்டு தேதியையும் மாதம் முதலில் வைத்துப் படித்தால் ஜூலை 3-இல் தொடங்கி ஜூன் 3-இல் முடிவதாக வரும், ஒரு நாளுக்குப் பதில் ஒரு மாதம் குறையும். பதிவில் இந்த இடைவெளியைக் கண்டால் அப்போதே நிறுத்திக் கேளுங்கள்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டின் அடியில், அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டாவது வரியில் எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் தேதி ஒரே வரிசைதான்: வருடம், மாதம், நாள். மார்ச் 6, 2028 என்றால் 280306. அதையொட்டி ஒரு சரிபார்ப்பு இலக்கமும் இருக்கும். கவுன்டரில் இயந்திரம் படிப்பது இந்த வரியைத்தான், மேலே அச்சிட்டிருப்பதை அல்ல.

பயணச்சீட்டில் கிழமையும் இருந்தால் அது நல்ல சாட்சி. 2024-இல் ஜூன் 5 புதன்கிழமை, மே 6 திங்கள்கிழமை; கிழமை பொருந்தாவிட்டால் தேதி புரண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் முழுக்க நம்ப முடியாது. மே 9-ம் செப்டம்பர் 5-ம் எந்த வருடத்திலும் ஒரே கிழமையில்தான் விழும். ஜூலை 11-க்கும் நவம்பர் 7-க்கும் அதே கதை. 09/05, 11/07 போன்றவற்றில் கிழமை உங்களைக் காப்பாற்றாது.

மாதத்தை எழுத்தில் எழுதினால்

விமான நிறுவனங்களின் பதிவு அமைப்புகள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துக்கொண்டன. 05JUN03 என்றுதான் உள்ளே பதிவாகும். அமெரிக்க விசாவுக்கான DS-160 படிவமும் நாளுக்கும் மாதத்துக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்து, மாதத்தை JUN என்று எழுத்தில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அதே நாட்டின் குடிவரவுத் துறைப் படிவங்களோ mm/dd/yyyy கேட்கின்றன. முதல் படிவத்தை நிரப்பிய கையோடு இரண்டாவதுக்குப் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

எழுத்தில் மாதம் வந்தால் முன்னால் நடந்த தவறு சரியாகிவிடாது. ஏஜென்ட் மாற்றி அடித்தால் 03JUN28 என்று தவறாகவே அச்சாகும். ஆனால் பார்த்தவுடன் தெரியும். 06MAR28 வர வேண்டிய இடத்தில் JUN இருப்பதைப் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாரும் பிடித்துவிடலாம். 06/03/2028 என்றே திரும்ப அச்சாகியிருந்தால் எத்தனை முறை ஒப்பிட்டாலும் பொருந்துவது போலத்தான் இருக்கும்.

குறையும் உண்டு. JUN, JUL கையெழுத்தில் ஒன்றுபோலிருக்கும். மொழி மாறினால் சுருக்கமும் மாறும். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகளான கனடாவில் உணவுப் பொட்டலங்களில் இரண்டுக்கும் பொதுவாக ஈரெழுத்துக் குறிகளை வைத்திருக்கிறார்கள்: மார்ச்சுக்கு MR, மேக்கு MA, ஏப்ரலுக்கு AL. புதிதாகக் குடியேறியவர் MA என்பதை மார்ச் என்று எண்ண எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

வருடம் முதலில்

2003-06-05 என்பது ISO 8601 தரம், 1988-இல் வந்தது. வருடம் முன்னால் நின்றுவிட்டால் அடுத்தது மாதம்தான். வருடம், நாள், மாதம் என்ற வரிசை பரவலான புழக்கத்தில் இல்லை. பெயர்வரிசை போல அடுக்கினாலும் காலவரிசைப்படி அமையும். கணினியில் சேமிக்க இதற்கு நிகரில்லை.

ஒரே நிபந்தனை, வருடத்தை நான்கு இலக்கத்தில் எழுத வேண்டும். 03-06-05 என்று சுருக்கினால் மூன்று விதமாகப் படிக்கலாம், நாம் முதலில் பார்த்ததைவிட மோசம்.

இணையப் படிவங்களில் இது ஏற்கெனவே பாதி நடக்கிறது. உலாவியின் தேதிக் கட்டம் உள்ளே அனுப்புவது எப்போதும் 2003-06-05 வடிவத்தில்தான். கண்ணுக்குக் காட்டுவது மட்டும் உலாவியின் மொழி அமைப்பைப் பொறுத்தது. அதனால் ஒரே தமிழ்நாட்டுப் படிவம் ஒருவருக்கு dd/mm/yyyy என்றும் பக்கத்து இருக்கைக்காரருக்கு mm/dd/yyyy என்றும் தெரியலாம். மங்கிய எழுத்தைப் பார்க்காமல் விரல் பழக்கத்தில் 05, 06 என்று தட்டினால் மே 6 பதிவாகிவிடும். படிவத்தை வடிவமைப்பவர் மேல் பழி போடும் முன் இதையும் பார்க்க வேண்டும்.

என் தேர்வு

மனிதர் படிக்கும் இடத்தில் மாதம் எழுத்தில், வருடம் நான்கு இலக்கத்தில்: 05-ஜூன்-2003. கோப்புக்குள், ஷீட்டுக்குள் 2003-06-05. படிவம் செய்பவர் மூன்று தனிக் கட்டங்கள் வைத்து, மாதத்துக்குப் பட்டியல் கொடுத்து, சமர்ப்பிக்கும் முன் முழுத் தேதியை எழுத்தில் ஒரு முறை காட்டினால் பெரும்பாலான தவறு அங்கேயே நின்றுவிடும். ஏஜென்டுக்கு வாட்ஸப்பில் விவரம் அனுப்பும்போதும் எண்களை மட்டும் அனுப்பாதீர்கள்.

பழைய ஆவணங்களில் ஏற்கெனவே குழப்பம் இருந்தால், வேறெங்காவது தேதி வேறு வடிவில் பதிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இலங்கைத் தேசிய அடையாள அட்டை எண் இதற்கு அருமையான உதவி. அதில் பிறந்த வருடத்துக்கு அடுத்த மூன்று இலக்கம், அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பிப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுவார்கள். ஜூன் 5 என்றால் 157, மே 6 என்றால் 127. கனடாவிலோ லண்டனிலோ ஒரு படிவத்தில் பெற்றோரின் பிறந்த தேதி எது என்று சிக்கல் வந்தால், அட்டை எண்ணின் அந்த மூன்று இலக்கத்தை முதலில் பாருங்கள்.