ஏபிசியா, விஇடியா, இடம் பார்த்துத் தரம் பிரிப்பதா? நூற்பாலை ஸ்டோர்ஸுக்கு எது சரி

மெயின்டனன்ஸ் ஸ்டோர்ஸில் ஸ்பேர்களைத் தரம் பிரிப்பது என்றதும் பலரும் முதலில் கையில் எடுப்பது ஏபிசி. ஒரு பொருளின் விலையை அது வருடத்துக்கு எத்தனை செலவாகிறது என்பதோடு பெருக்கி, பெரிய தொகையில் ஆரம்பித்து வரிசையாக அடுக்கினால், மொத்தச் செலவில் முக்கால் பங்கை விழுங்குகிற கொஞ்சம் பொருட்கள் மேலே வந்துவிடும், அவைதான் ஏ. பஞ்சு, கோன், பாலிதீன் பை, ரிங் டிராவலர் மாதிரி தினமும் ஓடுகிற பொருளுக்கு இது நல்ல முறைதான். ஆனால் பிரேக்டவுனுக்கென்று வைத்திருக்கும் ஸ்பேருக்கு அடிப்படையிலேயே பொருந்தாது. 3 வருடமாக எடுக்காத ஒரு கண்ட்ரோல் கார்டுக்கு வருடச் செலவு பூஜ்யம், பூஜ்யத்தை எந்த விலையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான், அது பட்டியலின் கடைசியில் போய் விழும். ஆடிட் வரும்போது 'நகராத சரக்கு, கழித்து விடுங்கள்' என்ற குறிப்பும் அதன்மேல்தான் விழும்.

அடுத்தது விஇடி. உடைந்தால் ஓட்டம் நிற்குமானால் வி, தரமோ வேகமோ குறையுமானால் இ, காத்திருக்கலாம் என்றால் டி. கேள்வி சரியான கேள்விதான், அதில் எனக்குக் குறையில்லை. யாரைக் கேட்கிறோம், எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதில்தான் கோளாறு வருகிறது. ஃபிட்டரிடம் பட்டியலைக் கொடுத்தால் பாதிக்கு மேல் வி என்றுதான் திரும்பி வரும், ஏனென்றால் அவர் பார்க்கிற மெஷினுக்கு அந்தப் பாகம் இல்லாமல் ஓட்டம் கிடையாது, ராத்திரி ஷிஃப்டில் பேச்சு வாங்குவதும் அவர்தான். இன்னொன்று, விஇடி பாகத்துக்குத் தரம் போடுகிறது, பாகம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போடுவதில்லை. ஒரே 6205 பேரிங் புளோரூம் ஃபேன் ஒன்றிலும் இருக்கும், எங்கோ ஒரு சின்ன டிராலியிலும் இருக்கும். இரண்டில் எதை நினைத்து வி போட்டோம் என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது.

இரண்டையும் கலந்து ஒன்பது கட்டம் போடுகிற முறையும் உண்டு, மருந்துக் கிடங்குகளில் பரவலாகப் புழங்குவது. அதில் ஏ எல்லாமும் வி எல்லாமும் முதல் பிரிவில் சேர்ந்துவிடும், அதாவது விலை அதிகமான, இல்லாவிட்டாலும் காத்திருக்கக்கூடிய ஒரு பொருளும், இல்லாவிட்டால் மில்லே நிற்கிற சில்லறை விலைப் பொருளும் ஒரே பிரிவில். முன்னதற்கு வாங்கும்போது பேரம் வேண்டும், பின்னதற்கு இருப்பு வேண்டும். வேறு வேறு வேலை கேட்கிற இரண்டை ஒன்றாக வைத்து ஸ்டோர் கீப்பர் என்ன செய்வார்?

என் கட்சி, இடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டுத் தரம் பிரிப்பது. இந்த இடத்தில் இது போனால் எது எது நிற்கும், எவ்வளவு நேரம் கழித்து நிற்கும்? மாற்று வழி உண்மையிலேயே இருக்கிறதா? வெளியே வாங்க எத்தனை நாள்? போவதற்கு முன்னால் சத்தம், சூடு, அதிர்வு என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போகுமா, சட்டென்று போகுமா? இவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட்டுப் பெருக்கிப் பார்ப்பவர்களும் உண்டு, நான் அதைச் சொல்லவில்லை. மில்லை நிறுத்துகிற, ஆனால் உள்ளூர்க் கடையில் கிடைக்கிற பாகமும், ஒன்றையும் நிறுத்தாத, வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பாகமும் அந்தப் பெருக்கலில் ஒரே எண்ணாக வந்து நிற்கும். கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும், ஏதாவது ஒன்றில் 'பாதகமில்லை' என்று பதில் வந்தால் அந்தப் பாகம் அங்கேயே வி-யிலிருந்து இறங்கிவிட வேண்டும்.

ஒரு மில்லை வைத்துப் பார்ப்போம். கோவை, திண்டுக்கல் பக்கம் பார்க்கிற மாதிரி 24 ரிங் ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் 1,104 ஸ்பிண்டில். 40-ம் கவுண்டில் ஒரு ஸ்பிண்டில் 8 மணி நேர ஷிஃப்டுக்கு 120 கிராம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃப்ரேம் மணிக்கு ஏறக்குறைய 16.5 கிலோ, மில் முழுக்க ஏறக்குறைய 400 கிலோ. பஞ்சு விலையும் மற்றச் செலவும் போகக் கிலோவுக்கு 60 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், ஒரு ஃப்ரேம் நின்றால் மணிக்கு 1,000 ரூபாய், மில் நின்றால் 24,000.

ரிங் ஃப்ரேம் மெயின் மோட்டாரை எடுங்கள். ஃபிட்டர் பட்டியலில் இது கண்டிப்பாக வி. ஆனால் போனால் நிற்பது 24-ல் ஒன்று, ரீவைண்டிங் ஆகி வர 2 நாள், நஷ்டம் 48,000. பெரிய தொகைதான், ஆனாலும் மில் ஓடுகிறது. இது இ. இ-யில் கணக்குப் போட்டு முடிவெடுக்கலாம்: வருடத்துக்கு 2 மோட்டார் எரிகிறது என்றால் நஷ்டம் 96,000, 2 லட்ச ரூபாய் மோட்டார் ஒன்றைச் சும்மா வைத்திருக்க வட்டி, இடம் எல்லாம் சேர்த்து வருடம் 40,000 ஆகலாம். ஒன்று வைப்பது லாபம். இரண்டாவது மோட்டார், இரண்டும் ஒரே சமயத்தில் எரிந்தால்தான் உதவும், அது வேண்டாம்.

புளோரூமில் எல்லாரும் ஏமாறுவார்கள். ஒரே லைன், எட்டுப் பத்து கார்டிங்குக்கும் பஞ்சு அதிலிருந்துதான், நின்றால் சில நிமிடத்தில் கார்டிங்குக்குப் பஞ்சு இறங்கும் சூட் காலியாகிக் கார்டிங் நிற்கும். ஆனால் டிராஃபிரேமுக்கு முன்னால் கேன்கள் நிற்கின்றன, சிம்ப்ளெக்ஸ் பாபின்கள் ஃப்ரேமில் தொங்குகின்றன, அதனால் ரிங் ஃப்ரேமுக்கு விஷயம் தெரியவே மணிக்கணக்காகும். அந்த இடைவெளிக்குள் மாட்டி ஓட்டிவிடக் கூடிய, ஊரிலேயே கிடைக்கிற பெல்ட்டும் பேரிங்கும் இங்கே வி இல்லை. அதே லைனின் இன்வெர்ட்டர் கார்டு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும் என்றால் அது வி.

கம்ப்ரஸரில் இந்தத் தயவு கிடையாது. காற்று போனால் ஆட்டோகோனர் ஸ்ப்ளைசர் அந்த நிமிடமே வேலை செய்யாது, ஆட்டோ டாஃபரும் அப்படித்தான், கட்டை நிறைந்த ரிங் ஃப்ரேம்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வரும். காற்றைச் சேமித்து வைக்க இருப்பது ரிசீவர் டேங்க் மட்டும், அது சில நிமிடத்துக்குத்தான். இப்போது அந்த ஸ்க்ரூ கம்ப்ரஸரின் பிரஷர் சென்சாரைப் பாருங்கள், சில ஆயிரம் ரூபாய்ப் பொருள், உள்ளங்கையில் அடங்கும். சிக்னல் வரவில்லை என்றால் ஸ்க்ரூவும் மோட்டாரும் நன்றாக இருக்கும்போதே கண்ட்ரோலர் மெஷினை டிரிப் செய்துவிடும். முன்னறிவிப்பு கிடையாது, டீலரிடம் அன்று இருப்பில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஏபிசியில் இது கடைசிப் பக்கம், ஃபிட்டர் பட்டியலில் வராமலே போகலாம், ஏனென்றால் அவர் கை வைக்கிற பாகமில்லை. இடம் பார்த்துக் கேட்டால் மில்லின் முதல் பத்துப் பாகங்களில் ஒன்று.

'ஸ்டாண்ட்பை கம்ப்ரஸர் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எல்லா ஆட்டோகோனரும் ஓடும் நேரத்தில் ஒரு கம்ப்ரஸரை அரை மணி நேரம் நிறுத்தி ஹெடர் பிரஷரைப் பார்த்துக்கொண்டே இருங்கள், தேவை 6 பார் என்றால் அதற்குக் கீழே இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். மெஷின் கூடக் கூடக் காற்றுத் தேவை ஏறி, ஸ்டாண்ட்பை என்று வாங்கியது எப்போதோ தினமும் ஓடும் மெஷினாகிவிட்டிருக்கும். அப்படியானால் 'மாற்று வழி' கேள்விக்குப் பதில் இல்லை என்றே எழுத வேண்டும்.

இந்த முறைக்கு நேரம் பிடிக்கும், அதை மறைக்க முடியாது. ஸ்டோர்ஸில் இருக்கிற எல்லா ஐட்டத்துக்கும் செய்யப் போனால் முடியவே முடியாது. மில்லையோ ஒரு டிபார்ட்மெண்டையோ முழுசாக நிறுத்தக்கூடிய மெஷின்களை முதலில் எழுதி, அவற்றின் பாகங்களுக்கு மட்டும் கேள்வி கேளுங்கள், மற்றதற்கு ஏபிசியே போதும். ஸ்டோர் கீப்பர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வாங்குகிறவர் நாலு பேரும் ஒன்றாக உட்கார வேண்டும், எத்தனை நாளில் வரும் என்பது ஃபிட்டருக்குத் தெரியாது, எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. பத்தில் ஒன்றுக்கு மேல் வி வந்தால் யாரோ பயந்து போட்டிருக்கிறார்கள், மறுபடி கேளுங்கள்.

அப்புறம், வி என்று போட்டு ராக்கில் வைத்ததோடு வேலை முடியாது. ரப்பர் சீலும் பெல்ட்டும் ராக்கிலேயே இறுகிப் போகும், வருடக்கணக்கில் கரண்ட் படாத இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரை முறைப்படி மெதுவாக வோல்ட்டேஜ் ஏற்றித் தயார்படுத்தாமல் நேராக மாட்டினால் அது அங்கேயே போகலாம். ராக்கில் மாட்டியிருக்கும் பின் கார்டில் வாங்கிய தேதிக்குப் பக்கத்தில் அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதியையும், எந்த மெஷினில் எந்த இடத்துக்காக வி போட்டோம் என்பதையும் எழுதுங்கள். அந்த மெஷினை விற்றுவிட்டால் பாகத்தையும் கூடவே கழிக்கலாம், அதுவரை ஆடிட் குறிப்புக்குப் பதிலாக அந்தக் கார்டையே காட்டலாம்.