டிஜிட்டல் அச்சு இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு: 14,80,000 ரூபாய் இழந்தவனின் எச்சரிக்கை

காரைக்குடியில் அப்பா காலத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை அச்சடித்துவரும் சிறிய அச்சகம் எங்களுடையது. 22 மாதங்களுக்கு முன் 14,80,000 ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் இயந்திரம் நேற்று முன்தினம் நின்றுவிட்டது. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

விற்க வந்தவர் மூலையில் கிடந்த அப்பாவின் டிரெடில் இயந்திரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். "அண்ணே, ஏ3 தாள் ஒன்றுக்கு மைச்செலவு நாலு ரூபாய்தான்" என்று சொல்லி, தாம் கொண்டுவந்திருந்த வடிவத்தையே அச்சடித்துக் காட்டினார். முக்கால்வாசி வெள்ளையாக இருந்த அந்த வடிவத்துக்குப் பதிலாக எங்கள் பத்திரிகை ஒன்றை அடிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

டோனர் என்னும் மைத்தூள் குப்பியின் பெட்டியில் 24,000 பக்கம் என்று போட்டிருக்கிறது. அது ஏ4 பக்கத்தில் ஐந்து சதவீதப் பரப்பில் மட்டுமே அந்தக் குப்பியின் நிறம் படிந்தால் கிடைக்கும் கணக்கு. எங்கள் ஊர்ப் பத்திரிகையோ அரக்குச் சிவப்புப் பின்னணி கொண்டது. சிவப்பு மட்டுமே அறுபது சதவீதம் படியும். ஏ3 தாளில் அடித்தால் 24,000 பக்கம் 12,000 தாளாகி, பன்னிரண்டு மடங்கு மை குடிப்பதால் 1,000 தாளில் தீர்ந்துவிடுகிறது. குப்பி 11,000 ரூபாய் என்றால், தாளுக்குச் சிவப்பு ஒன்றுக்கே 11 ரூபாய். மஞ்சளும் கறுப்பும் தனி.

மாதம் 20,000 தாள் ஓடும் என்று வைத்துத்தான் அவர் லாபம் போட்டுக் காட்டினார். எங்களுக்குத் தையிலும் ஆவணியிலும் 9,000 ஓடினால் அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் 1,500 தாண்டாது. தவணை மட்டும் ஆடி, மார்கழி பார்ப்பதில்லை.

பதினெட்டாம் மாதம் தாளில் கோடு விழத் தொடங்கியது. முதலில் தாள் சரியில்லை என்றார்கள், பிறகு கடையில் தூசி என்றார்கள், பிறகு பொறியாளர் திருநெல்வேலியில் இருக்கிறார் என்றார்கள். அச்சு உருவத்தில் மையை ஏற்றும் டிரம் உருளை தேய்ந்திருக்கிறது என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே, இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், டிரம் வராது, 2,00,000 ரூபாய்க்குப் பழையதை எடுத்துக்கொண்டு புதியது தருகிறோம் என்று கூசாமல் சொன்னார்கள். பின்புறத் தகட்டை அப்போதுதான் படித்தேன்: எனக்குப் 'புதியது' என்று விற்கப்பட்ட இயந்திரம், நான் வாங்குவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே தயாரானது. 14,80,000 ரூபாய் கொடுத்தவன் அந்தத் தகட்டைக் குனிந்து பார்த்திருக்க வேண்டாமா!

வாங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. உங்களுடைய அடர்நிற வேலையையே நூறு தாள் அடிக்கச் சொல்லுங்கள். தகட்டில் தேதியையும், இதுவரை எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்று திரையில் காட்டும் கவுண்டரையும் பாருங்கள். டிரம்மும், மையைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃப்யூசரும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை விற்பவரிடம் அல்ல, தயாரிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் 600 பாக்கி இருக்கின்றன. அவற்றை ஆஃப்செட்டில் அடித்து வாங்க இப்போது சிவகாசிக்குப் புறப்படுகிறேன்.