கோத்தகிரித் தேயிலை, லண்டன் வாடிக்கையாளர்: சர்வரை மாற்றவா, சிடிஎன் போடவா?

கோத்தகிரியில் தேயிலைத்தூளும் நீலகிரித் தைலமும் விற்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். தளம் வேர்ட்பிரஸில், சர்வர் மும்பையில். உள்ளூரில் சட்டென்று திறக்கிறது. லண்டனில் இருப்பவருக்குத்தான் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கடைக்காரருக்கு மூன்று வழிகள்: சர்வரை லண்டனுக்கே மாற்றுவது, சிடிஎன், அதாவது பல ஊர்களில் நகல் வைத்து அருகிலிருந்தே தரும் சர்வர் வலை, போட்டுப் படங்களை மட்டும் அதில் விடுவது, பக்கத்தின் எச்டிஎம்எல்லையும் சேர்த்து சிடிஎன்னில் சேமிப்பது.

முதலில் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். மும்பையிலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 7,200 கிலோமீட்டர். போய்வர 72 மில்லிசெகண்ட். கடலடிக் கேபிள் வளைந்துதான் போகும் என்பதால் 120 என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு ஏற்பட இப்படிப் போய்வரும் ஒரு சுற்று, பாதுகாப்புக்கான டிஎல்எஸ் 1.3 பூட்டுக்கு இன்னொன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க மூன்றாவது. 360 ஆகிவிட்டது. வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி பக்கத்தைத் தயாரிக்க 400 எடுத்தால், முதல் பைட் வரவே 760.

சர்வரை லண்டனுக்கு மாற்றினால் அங்கே இருப்பவருக்குச் சுற்றுகள் அநேகமாக மறைந்துவிடும், 400 மட்டும் மிஞ்சும். ஆனால் சிங்கப்பூர்க்காரருக்கு முன்பைவிட மோசம். கோத்தகிரியில் உட்கார்ந்து ஆர்டர் பார்ப்பவருக்கும் ஒவ்வொரு சொடுக்கும் கடல் தாண்டிப் போய்வரும். வாங்குபவர்கள் எல்லாரும் ஒரே ஊரில் இருந்தாலொழிய இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படங்களை மட்டும் சிடிஎன்னில் விடுவது பலரும் செய்வது. பலன் உண்மையிலேயே பெரிது. தரவைத் தவணை தவணையாக அனுப்பும் டிசிபி நெறிமுறை முதல் தவணையில் 14 கேபி அளவுக்குத்தான் அனுப்பும், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். 200 கேபி தேயிலைத் தோட்டப் படத்துக்கு நான்கு சுற்று: மும்பையிலிருந்து 480, லண்டனில் உள்ள சிடிஎன் சர்வரிலிருந்து, அதாவது முனையிலிருந்து, சுற்றுக்கு 10 வீதம் 40.

எச்டிஎம்எல் சேமிக்கப்படாவிட்டாலும், தளம் முழுவதும் சிடிஎன் வழியாகப் போனால் கொஞ்சம் லாபம் உண்டு. முதல் இரண்டு சுற்றும் பக்கத்து முனையோடு முடிந்துவிடும்; முனை மும்பையோடு திறந்தே வைத்திருக்கும் பழைய இணைப்பில் கேள்வி போகும். 20 + 10 + 120 + 400, அதாவது 550. அந்த 400 அப்படியே இருக்கிறது பாருங்கள்.

எச்டிஎம்எல்லும் முனையிலேயே இருந்தால் கணக்கு 30 மில்லிசெகண்டுக்கு இறங்கிவிடும். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் கவனம் தேவை. பலரும் போடும் சிடிஎன்னான கிளவுட்ஃப்ளேர் எச்டிஎம்எல்லைத் தானாகச் சேமிக்காது, விதி எழுத வேண்டும். பொருள் பக்கங்களோடு சர்வர் இந்தத் தலைப்பு வரியை அனுப்பினால் போதும்:

```
Cache-Control: public, max-age=0, s-maxage=600
```

பிரவுசர் ஒவ்வொரு முறையும் கேட்கும், முனை மட்டும் 10 நிமிடம் வைத்திருக்கும். கூடை, பணம் கட்டும் பக்கங்கள், கூடையில் பொருள் போட்டதைக் காட்டும் `woocommerce_items_in_cart` குக்கீ உள்ளவர்கள் எல்லாரையும் விலக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஒருவர் கூடை இன்னொருவருக்குத் தெரியும். இதைவிடப் பெரிய சங்கடம் வேண்டாம்.

சின்னக் கடைக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு முனையும் தனித்தனியாகச் சேமிக்கிறது. லண்டனில் நாளுக்கு நாலு பேர் வந்தால், 10 நிமிடத்தில் காலாவதியாகும் பக்கம் நாலு பேருக்கும் முனையில் இருக்காது, மும்பையிலிருந்துதான் வரும். அதனால் `s-maxage`-ஐ ஒரு நாளாக்கி, விலை மாறும்போது அந்தப் பக்கத்தை சிடிஎன்னிலிருந்து அழிக்கும் ப்ளக்இன்னைப் போடுவதே மேல். அப்போதும் யாரும் கேட்காத பக்கத்தை முனை இடப்பற்றாக்குறையில் தூக்கிவிடலாம். ஃபேஸ்புக் இணைப்பு ஒட்டிவரும் `fbclid` வேறு ஒவ்வொருவருக்கும் புது முகவரியாகத் தெரியும். சேமிப்புக் கணக்கில் அதை ஒதுக்கச் சொல்ல வேண்டும்.

சோதிக்க:

```
curl -sI https://example.com/tea/ | grep -iE 'cf-cache-status|cf-ray|age'
```

`HIT` என்றால் முனையிலிருந்தே வந்தது, `MISS` என்றால் தேடி இல்லாமல் மும்பைக்குப் போனது, `DYNAMIC` என்றால் விதியே வேலை செய்யவில்லை. `cf-ray` கடைசியில் விமான நிலையக் குறி இருக்கும். கோத்தகிரியிலிருந்து தட்டினால் `MAA` போன்ற இந்திய முனைதான் பெரும்பாலும் வரும்; அங்கே `HIT` வந்தாலும் லண்டனைப் பற்றி ஒன்றும் தெரியாது. `LHR` என்று வர லண்டனில் ஒரு சின்ன வாடகை சர்வரிலிருந்து இதே கட்டளையை இரண்டு முறை ஓட்டுங்கள்: முதல் முறை `MISS`, அடுத்த முறை `HIT` என்றால் சரி. `BYPASS` என்று வந்தால் தளம் அனுப்பும் `Set-Cookie` தலைப்பை முதலில் பாருங்கள்.