"இந்து மீல்" என்றால் சைவம் இல்லை: ஏகாதசி அன்று அம்மா பட்ட பாடு

போன மாதம் அம்மா சென்னையிலிருந்து வளைகுடா வழியாகச் சிகாகோ வந்தார். புறப்படும் நாள் ஏகாதசி. அரிசி, கோதுமை, பருப்பு எதையும் அன்று தொடமாட்டார். பழமும் பாலும் மட்டும்தான். டிக்கெட் போட்ட ஏஜென்டிடம் இதைத் தெளிவாகச் சொன்னேன். "ஸ்பெஷல் மீல் போட்டுடலாம் சார்" என்று சொல்லி 1,500 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார். எங்கள் விமான நிறுவனம் அந்த உணவுக்குக் கட்டணமே வாங்குவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன். அவர் பதிந்தது HNML என்ற உணவுக் குறியீடு. பெயர் "இந்து மீல்" என்பதால் சைவம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அது மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இல்லாத அசைவ உணவு. கோழியோ ஆடோ மீனோ வரலாம். அம்மா மூடியைத் திறந்தபோது கோழிக் குழம்பு. பணிப்பெண் பணிவாகத்தான் சொன்னார்: "நீங்கள் கேட்டது இதுதான் அம்மா." பழத்தட்டு முன்பே கேட்டவர்களுக்கு மட்டும்தான் ஏற்றுவார்களாம். வளைகுடாவிலிருந்து சிகாகோ வரையிலான பதினாலரை மணி நேரத்தை அம்மா தண்ணீரிலும் பையிலிருந்த நாலு பேரீச்சம்பழத்திலும் கழித்தார். நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நம் ஊர்ச் சைவச் சாப்பாட்டுக்கு AVML, பழத்தட்டுக்கு FPML, கிழங்கு, வெங்காயம், பூண்டு இல்லாத ஜைன உணவுக்கு VJML. ஏகாதசிக்கு FPML தவிர மற்றவை உதவாது. AVML, VJML இரண்டிலுமே அரிசியோ ரொட்டியோ இருக்கும். பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பாவது பதிந்திருக்க வேண்டும். ஏஜென்டின் வார்த்தையை நம்பாமல், விமான நிறுவனத்தின் தளத்தில் PNR, கடைசிப் பெயர் கொடுத்து ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். விமானம் மாற்றப்பட்டால் மறுபடியும் பாருங்கள், பழைய பதிவு காணாமல் போயிருக்கலாம்.

மறுநாள் சூரிய உதயத்துக்குப் பிறகு விரதத்தை முடித்துச் சாப்பிடும் பாரணை நேரத்திலும் குழம்பினோம். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டவர் சிகாகோவில் அதே நாள் மாலை 3.30க்கு இறங்கினார். அப்போது சென்னையில் மறுநாள் அதிகாலை 2 மணி. சென்னைச் சூரிய உதயத்தைக் கணக்கு வைத்தால் சிகாகோவில் அன்று இரவு ஏழரைக்கே பாரணை. சிகாகோ உதயம் என்றால் இன்னும் பத்து மணி நேரத்துக்கு மேல் பட்டினி. திதி உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான் மாறும், உதயம்தான் ஊருக்கு ஊர் வேறு. அதனால் சென்னையில் ஏகாதசியாக இருக்கும் தேதி, அமெரிக்காவில் துவாதசியாகவே விடியலாம். இறங்கும் ஊருக்கான பஞ்சாங்கத்தைப் பார்த்து, வீட்டுச் சாஸ்திரிகளிடம் முன்பே கேட்டுவைத்திருக்க வேண்டும். நாங்கள் விமான நிலையத்திலிருந்து போனில் கேட்டோம். "இறங்கின ஊர் உதயம்தான்" என்றார். அம்மா காலை வரை காத்திருந்தார்.

ஏஜென்ட் இன்னும் பணத்தைத் திருப்பவில்லை. திரும்பும் பயணத்தில் அவர் போட்டிருந்த HNML-ஐ நானே AVML ஆக மாற்றிவிட்டேன்.