ட்ரோன் ஷாட்டா, வேன் அக்காவா?

பள்ளியின் எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு ஒரு நிமிட விளம்பரப் படம், கையில் இரண்டு ஸ்கிரிப்ட். முதலாவதில் ட்ரோன் ஷாட், கோட் போட்ட குழந்தைகள், ‘பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு’ என்று ஒரு கனத்த குரல். எந்தப் பள்ளியின் பெயரை ஒட்டினாலும் பொருந்திவிடும். இரண்டாவதில் பள்ளி வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரான வேன் அக்கா மட்டும்தான்: பட்டியலில் டிக் அடிக்கிறார், பிள்ளையை அழைத்துப்போகும் அட்டை இல்லாமல் வந்த மாமாவிடம் பிள்ளையைத் தராமல் அம்மாவுக்கு போன் போடுகிறார், அப்புறம் நம்மைப் பார்த்து, “சந்துக்குள்ள வேன் வராது, மெயின் ரோட்டுக்கு நீங்கதான் வரணும்” என்கிறார். தாளாளர் வெட்டச் சொல்வது அந்த வரியைத்தான். வெட்டினால், வேன் வீட்டு வாசலுக்கே வரும் என்று நம்பிச் சேர்த்த பெற்றோர் ஜூனில் புகாரோடு ஆபீஸ் வாசலில் நிற்பார்கள்.

இன்னொரு விஷயம்: தமிழ்நாட்டில் பள்ளி வாகனத்தில் உதவியாளர் இருப்பது 2012 விதிகளின்படி கட்டாயம்; அதை நம் தனிச்சிறப்பு என்று எழுதினால் எந்த ஸ்கிரிப்டானாலும் ஏமாற்றுதான். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், ட்ரோன் வாடகையும் மிச்சம்.