டோக்கியோவில் ஆறு மாத ரயில் பாஸை இடையில் ரத்து செய்தால்: ஒரு பயனரின் கணக்கு

டோக்கியோவில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர், ஒப்பந்தம் எப்போது முடியும் என்பது தெரியாத நிலையில், ஆறு மாத பாஸ் எடுக்கத் தயங்கி மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். "நடுவில் ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டால் மீதிப் பணம் போய்விடுமே" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். நிஷி கசாயிலிருந்து நகரின் மையத்துக்கு நெடுங்காலம் சுரங்க ரயிலிலும், பிறகு வீடு மாறியதால் ஜே.ஆர். எனப்படும் ஜப்பான் ரயில்வேயின் ரயிலிலும் போய்வந்தவன் என்ற முறையில், இந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது என்பதையும், பணம் உண்மையில் எங்கே போகிறது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

'தேய்கி' என்று அங்கே அழைக்கப்படும் இந்தப் பயணப் பாஸ் 1, 3, 6 மாதங்களுக்குக் கிடைக்கும். சுரங்க ரயிலில் மூன்று மாதப் பாஸுக்கு ஏறக்குறைய 5 சதவீதமும் ஆறு மாதப் பாஸுக்கு 10 சதவீதமும் தள்ளுபடி உண்டு. கணக்கு எளிதாக இருக்க, ஒரு தடத்தின் ஒரு மாதக் கட்டணத்தை 10,000 யென் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூன்று மாதத்துக்கு 28,500, ஆறு மாதத்துக்கு 54,000 ஆகும்.

ஆறு மாதப் பாஸை ரத்து செய்யும்போது, 54,000 யென்னை ஆறால் வகுத்து மீதி மாதங்களுக்குரிய தொகையைத் தருவார்கள் என்றுதான் முதலில் எவருக்கும் தோன்றும். நிர்வாகம் அப்படிக் கணக்கிடுவதில்லை. பயன்படுத்திய மாதங்களுக்கு, அந்த அளவுக்கு மட்டும் நீங்கள் பாஸ் வாங்கியிருந்தால் என்ன விலை கொடுத்திருப்பீர்களோ அதைக் கழித்துக்கொள்வார்கள். அதோடு 220 யென் கட்டணமும் கழியும். ஒரு மாதம் பயன்படுத்தியிருந்தால் 10,000 கழிந்து 43,780 திரும்ப வரும். இரண்டு மாதம் என்றால் 33,780. மூன்று மாதத்துக்கு மூன்று மாதப் பாஸின் விலையையே கழிப்பதால் 25,280 கிடைக்கும். நான்கு மாதம் என்றால் மூன்று மாத விலையும் ஒரு மாத விலையும் சேர்ந்து கழிய, 15,280. ஐந்து மாதத்துக்கு 5,280. அதாவது, நீண்ட காலத்துக்கு வாங்கியதால் கிடைத்த தள்ளுபடியைத்தான் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

இதையே மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நான்கு மாதத்தில் ரத்து செய்தவர் மொத்தத்தில் செலவிட்டது 38,720 யென். நான்கு மாதம்தான் இருப்போம் என்று முன்கூட்டியே தெரிந்து, ஒரு மூன்று மாதப் பாஸும் ஒரு மாதப் பாஸும் வாங்கியவர் செலவிட்டது 38,500. வித்தியாசம் அந்த 220 யென் மட்டுமே. மாதாமாதம் புதுப்பித்தவரோ 40,000 கொடுத்திருப்பார். ஆகவே, முதலில் மொத்தத் தொகையைப் போட முடிகிறவர் ஆறு மாதப் பாஸை எடுப்பதுதான் கணக்குக்குச் சரி என்பது என் கருத்து. ஜே.ஆர். தடங்களில் ஆறு மாதத் தள்ளுபடி இன்னும் அதிகம். அங்கே பல தடங்களில் ஆறு மாத விலை ஒரு மாத விலையின் ஐந்து மடங்கைக்கூட எட்டாது. அதனால் ஐந்து மாதம் முடிந்தபின் ஒரு மாதம் மீதி இருந்தாலும் கவுண்டரில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அதுவும் இழப்பல்ல, ஐந்து மாதத்தைத் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாகவே கொடுத்திருக்கிறீர்கள்.

பணம் உண்மையில் போகும் இடம் தேதி. மாதம் என்பது நாட்காட்டி மாதம் அல்ல. பாஸ் தொடங்கும் தேதியிலிருந்து எண்ணப்படுவது. ஏப்ரல் 10 அன்று தொடங்கிய பாஸின் முகப்பில் அக்டோபர் 9 வரை என்று அச்சாகியிருக்கும். அதன் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதியோடு முடியும். ஒரு நாள் கூடினாலும் முழு மாதம் பயன்படுத்தியதாகவே கொள்வார்கள். ஜூலை 9 அன்று கவுண்டருக்குப் போனவருக்கு 25,280. ஜூலை 10 காலையில் போனவருக்கு 15,280. கடைசி வேலை நாள் ஜூலை 11 என்றால், 9ஆம் தேதி மாலை வீடு திரும்பியதும் ரத்து செய்துவிட்டு, மீதி இரண்டு நாளுக்குச் சாதாரணக் கட்டணத்தில் போய்வருவதே புத்திசாலித்தனம். ஒரு வழிக்கு 270 யென் என்றால் இரண்டு நாளுக்கு 1,080தான் ஆகும்.

கணக்கில் கொள்ளப்படுவது நீங்கள் கடைசியாக ரயில் ஏறிய நாள் அல்ல, கவுண்டரில் கேட்ட நாள் என்பதையும் மறக்கக் கூடாது. உடல்நலமின்றி மூன்று வாரம் வீட்டில் இருந்தேன் என்றாலும் பொதுவாக அது எடுபடாது. பாஸ் விற்கும் கவுண்டர்கள் எல்லா நிலையங்களிலும் இல்லை; இருக்கும் இடங்களிலும் கடைசி ரயில் வரை திறந்திருப்பதில்லை. எனவே அந்த 9ஆம் தேதி மாலைக்கான நிலையத்தையும் நேரத்தையும் முன்னதாகவே பார்த்துவைப்பது நல்லது. பாஸைப் பதிந்து பணமும் ஏற்றிவைக்கும் சுயிகா அட்டையில் உள்ள பாஸை ஜே.ஆர். கிழக்கு நிறுவனத்தின் கவுண்டரிலும், அதேபோன்ற பாஸ்மோ அட்டையில் உள்ளதை அதை விற்ற நிறுவனத்தின் கவுண்டரிலும்தான் ரத்து செய்ய முடியும். அடையாள அட்டை கேட்பார்கள். கடன் அட்டையில் வாங்கியிருந்தால் பணம் கையில் வராது, அந்த அட்டைக்கே திரும்பும். அலுவலர் அட்டையை இயந்திரத்தில் செலுத்தி எடுத்துத் தரும்போது, முகப்பில் இருந்த நிலையப் பெயர்களும் தேதியும் அழிந்து வெறும் அட்டையாகத் திரும்பி வரும். அதில் ஏற்றிவைத்த பணம் அப்படியே இருக்கும்.

வேலை முடிந்து கிளம்புகிறவருக்குப் பொருந்தும் விதி இது. வீடோ அலுவலகமோ மாறி, புதிய தடத்துக்குப் பாஸ் எடுப்பவருக்கு வேறு விதி உண்டு. அதைப் பலர் கேட்டுப் பெறுவதில்லை. தட மாற்றம் என்று சொன்னால், மாதத்துக்குப் பதிலாகப் பத்துப் பத்து நாட்களாக எண்ணுவார்கள். நம் எடுத்துக்காட்டில் 54,000ஐ 180ஆல் வகுத்தால் நாளுக்கு 300, பத்து நாளுக்கு 3,000. ஜூலை 13 என்பது 95ஆம் நாள். அதைப் பத்துப் பத்து நாட்களாகப் பத்து முறை என்று கொண்டு 30,000 கழிப்பார்கள். 220 போக 23,780 வரும். அதே நாளில் வெறும் ரத்து என்று கேட்டிருந்தால் 15,280தான். புதிய பாஸையும் பழைய பாஸையும் ஒரே நேரத்தில் நீட்டி, மாற்றம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். முதலில் ரத்து செய்துவிட்டு மறுநாள் புதிது வாங்கினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

தொடங்கி ஏழு நாட்களுக்குள் ரத்து செய்தால், போய்வரும் சாதாரணக் கட்டணத்தை நாட்களால் பெருக்கிக் கழிப்பார்கள். 270 யென் தடத்தில் ஏழாம் நாள் 3,780 யென்னும் அந்த 220 கட்டணமும் மட்டுமே கழியும். எட்டாம் நாள் ஒரு மாத விலை முழுவதும் கழியும்.

நிறுவனமே பயணப்படியாக ஆறு மாதத் தொகையைக் கொடுத்திருந்தால், விலகும்போது திரும்பக் கிடைக்கும் தொகையை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். சிலர் உங்கள் ரசீதைக் கேட்பார்கள். சிலர் தாங்களே கணக்கிட்டுக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாவது வகை என்றால், எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதைக் கவுண்டருக்குப் போவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டைவிட்டே கிளம்புகிறவர் அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாஸையும் அட்டையையும் சேர்த்துக் கொடுத்தால் 220 யென் ஒரு முறைதான் கழியும்; அட்டைக்காகக் கட்டிய 500 யென் முன்பணமும் திரும்பும். கைப்பேசியில் சுயிகா வைத்திருப்பவர்களுக்கு, அந்தச் சேவையிலிருந்து விலகும்போது மீதித் தொகை ஜப்பானிய வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆகவே வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும், அல்லது மீதியை நிலையத்துக் கடையில் செலவழித்துத் தீர்த்துவிட வேண்டும்.